சொற்பொழிவின் மேல் விழுந்த கைப்பேசி மணி

ஏற்காட்டில் காப்பிச் செடி கவாத்து குறித்து என் பெரியப்பா ஆற்றிய உரையைப் பதிவு செய்தபோது, முன்வரிசையில் ஒருவரது கைப்பேசி ஆறு நொடிகள் ஒலித்து பெரியப்பாவின் பேச்சோடு கலந்துவிட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில், ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் அலைமாலைக் காட்சியைத் திறந்து, சாளர அளவை 4096 ஆக்கியபோது, பேச்சின் கோடுகள் வளைந்து ஏறி இறங்க, மணியோ 1320, 2640, 3960 ஹெர்ட்ஸில் அசையாத கிடைக்கோடுகளாகத் தனித்துத் தெரிந்தது.

முதலில் அவற்றை முழுவதுமாக அழித்தேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொரு கோட்டையும் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ் அகலத்தில் மட்டும் தேர்ந்து, 18 டெசிபல் குறைத்தேன். 'இ' என்ற உயிரொலியின் தெளிவு 2640-ஐ ஒட்டிய பகுதியில் இருப்பதால், 'கிளை' என்று அவர் சொல்லுமிடத்தில் அந்தக் கோட்டை 8 டெசிபல் மட்டுமே குறைத்து விட்டுவிட்டேன். சற்றே மணி கேட்டாலும் சொல் புரிவதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

சரிபார்க்க, திருத்திய ஒலித்தடத்தைத் தலைகீழாக்கி மூலத்துடன் சேர்த்து, நீக்கப்பட்டதை மட்டும் கேட்டேன். அதில் சொற்கள் கேட்ட இரண்டு இடங்களில் தேர்வைக் குறுக்கினேன். பின்னால் வந்த இருமல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிய செங்குத்துப் பட்டையாக இருந்ததால், சொற்களுக்கு இடையில் விழுந்த பகுதியை மட்டுமே தணிக்க முடிந்தது.