98 × 97 = 956? ஷார்ட்கட்டை ஸ்லைடு ஸ்லைடாகச் சொல்லும்போது வரும் தவறுகள்

நூறுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கும் ஷார்ட்கட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 97 × 96 என்றால், நூறுக்கு 97 எவ்வளவு குறைவு, 3. 96 எவ்வளவு குறைவு, 4. குறுக்காகக் கழித்தால் 97 − 4 = 93 (96 − 3 என்றாலும் அதே 93தான்). குறைகளைப் பெருக்கினால் 3 × 4 = 12. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 9312, முடிந்தது. வேத கணிதம் என்ற பெயரில் பரவியிருக்கும் இந்த முறையைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக நிறைய பேர் ஸ்லைடுகளாகப் போடுகிறார்கள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படி, கடைசி ஸ்லைடில் சரிபார்ப்பு. நானும் அப்படித்தான் போட்டேன்.

அதைப் பார்த்துப் படித்த ஒரு மாணவி 98 × 97க்கு 956 என்று எழுதிக்கொண்டு வந்தாள். தப்பும்மா என்றேன். "இல்ல சார், நீங்க சொன்ன மாதிரியே சரிபார்த்தேன், பொருந்துது" என்று நோட்டைக் காட்டினாள். பார்த்தால் உண்மையிலேயே பொருந்தியிருந்தது! தவறு அவளிடம் இல்லை, என் ஸ்லைடுகளில் இருந்தது. எங்கே இருந்தது என்று தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு நான் எடுத்த உதாரணம். 97 × 96இல் குறைகளின் பெருக்கல் 12, சரியாக இரண்டு இலக்கம், ஒட்டி வைத்தால் உட்கார்ந்துவிடும். அதை மட்டும் பார்த்தவர் "இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஒட்டி எழுது" என்றுதானே புரிந்துகொள்வார்? 98 × 97இல் இடது பக்கம் 95, வலது பக்கம் 2 × 3 = 6. ஒட்டினால் 956. வலது பக்கத்துக்கு எப்போதும் இரண்டு இடம், அதனால் 06, விடை 9506 என்பது அந்த உதாரணத்தில் எங்குமே தெரியாது. ஸ்லைடு போடும்போது எளிய கணக்கை எடுக்கத்தான் கை போகும், ஆனால் படிப்பவர் எங்கே தடுக்குவாரோ அந்தக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, "ஒட்டி எழுதுங்கள்" என்ற அந்தச் சொல். இதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். இந்த முறையில் இடது பக்கம் வருவது வெறும் 95 அல்ல, 95 நூறுகள். ஏன் என்றால் (100 − a)(100 − b) என்பதை விரித்தால் 100 × (100 − a − b) + ab என்று வருகிறது. குறுக்காகக் கழித்துக் கிடைப்பது அந்த அடைப்புக்குள் இருப்பது, அதாவது நூறுகளின் எண்ணிக்கை. ஆகவே சேர்க்கும் ஸ்லைடில் 95 | 6 என்று கோடு போட்டுக் காட்டாமல் 9500 + 6 = 9506 என்று கூட்டலாகவே காட்டிவிட்டால் பூஜ்யம் விட்டுப்போக வழியே இல்லை.

கூட்டலாகக் காட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 88 × 89ஐ எடுங்கள். குறைகள் 12, 11. இடது பக்கம் 77, வலது பக்கம் 132. ஒட்டச் சொல்லிக்கொடுத்தால் 77132 என்று வரும், அப்புறம் "மூன்று இலக்கம் வந்தால் முதல் இலக்கத்தை இடது பக்கத்துக்குக் கொண்டுபோ" என்று தனியாக ஒரு விதி சொல்ல வேண்டும், அதை விளக்க இன்னும் இரண்டு ஸ்லைடு போட வேண்டும். 7700 + 132 = 7832 என்றால் விதியே தேவையில்லை. ஒரு எண் நூறுக்கு மேல், ஒன்று கீழ் என்றாலும் இதே வழிதான்: 104 × 97இல் ஒன்று 4 கூடுதல், ஒன்று 3 குறைவு, குறுக்கே போனால் 101, பெருக்கல் −12. 10100 − 12 = 10088. இங்கே ஒட்டப் போனவர் 10112 என்று எழுதிவிடுவார்.

மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் ஸ்லைடில் மட்டுமே வருவது. கரும்பலகையில் மேலே எழுதியது கண்ணில் இருந்துகொண்டே இருக்கும், ஸ்லைடில் அடுத்ததுக்குப் போனால் முந்தையது மறைந்துவிடும். நான்காவது ஸ்லைடில் "2 × 3 = 6" என்று மட்டும் இருந்தால் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்கையும் இரண்டு குறைகளையும் எல்லா ஸ்லைடிலும் அதே இடத்தில் வைத்துவிட்டு, புதிதாக வந்த வரியை மட்டும் வேறு நிறத்தில் காட்டினால் போதும்.

சரி, இப்போது அந்தச் சரிபார்ப்பு ஸ்லைடுக்கு வருவோம், அந்தப் பெண் மாட்டிக்கொண்ட இடம் அது. நான் வைத்திருந்தது இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் முறை. 98 → 17 → 8. 97 → 16 → 7. 8 × 7 = 56 → 11 → 2. விடை 9506 → 20 → 2. பொருந்துகிறது. ஆனால் 956ஐக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 20, அதுவும் 2. பூஜ்யம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலக்கக் கூட்டல் மாறப்போவதில்லையே! 77132உம் அப்படித்தான்: 20, பிறகு 2. 88 × 89க்கு வர வேண்டியதும் அதே 2. இலக்கங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை, இந்த ஷார்ட்கட்டில் அதிகம் நடப்பதோ இடம் மாறும் தவறுதான். ஆக, வரக்கூடிய தவறைப் பிடிக்கவே முடியாத சோதனையைக் கடைசியில் வைத்து, தப்பான விடைக்கு நானே டிக் போடச் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 7700உடன் 132ஐக் கூட்டும்போது நூறை மறந்து 7732 என்று எழுதினால் இலக்கக் கூட்டல் 19 → 10 → 1, உடனே மாட்டும். 10112உம் மாட்டும், அதற்கு 5 வருகிறது, வர வேண்டியது 8. அதற்கு முன்னால் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 98 × 97 என்பது 97 நூறுகளைவிட, அதாவது 9700ஐவிட, கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். 956 அதன் பக்கத்திலேயே வராது. 88 × 89 என்பது 8800க்குக் கீழே இருக்க வேண்டும், 77132 அங்கேயே விழுந்துவிடும். 06க்குப் பதில் 60 போட்டு 9560 என்று எழுதுகிறவர்களும் உண்டு, அது அளவிலும் தப்பித்துவிடும், இலக்கக் கூட்டலிலும் தப்பித்துவிடும், ஆனால் கடைசி இலக்கத்தில் மாட்டும்: 8 × 7 = 56, எனவே விடை 6இல் முடிய வேண்டும்.

என் கடைசி ஸ்லைடில் இப்போது முதலில் அளவு, பிறகு கடைசி இலக்கம், அப்புறம்தான் இலக்கக் கூட்டல். கூடவே 956ஐயும் எழுதி, அது எந்த வரியில் விழுகிறது என்று காட்டுகிறேன். எல்லை ஒன்றையும் அதே ஸ்லைடில் சொல்லிவிடுகிறேன்: 63 × 58க்கும் இந்த முறை சரியாகத்தான் வரும், ஆனால் குறைகள் 37, 42, அவற்றைப் பெருக்குவதே ஒரு முழுக் கணக்கு, அதற்கு நேராகவே பெருக்கிவிடலாம். பயிற்சிக்கு 99 × 95 கொடுக்கிறேன். 945 என்று எழுதியவர் 9500உடன் ஒப்பிட்டதும் திரும்பிப் போய் 9400 + 5 என்று போட்டு 9405க்கு வந்துவிடுகிறார்.