பரு வரும் முகத்துக்கு ஆயில்-ஃப்ரீ ஃபவுண்டேஷன்: வாங்குவதும் கழுவுவதும்

ஃபவுண்டேஷன் போட ஆரம்பித்த சில வாரங்களில் கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பொடிப்பொடியாகக் கிளம்பினால், காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: பாட்டிலில் இருப்பது, அல்லது ராத்திரி கழுவாமல் விட்டது. எனக்கு இரண்டுமே இருந்தன. மேக்கப்பால் வரும் இந்தப் பருவுக்குத் தோல் மருத்துவத்தில் ‘ஆக்னி காஸ்மெட்டிகா’ என்று பெயரே உண்டு. அது மறுநாளே வராது, மெதுவாகத்தான் வரும். அதனால் பலர் சாப்பாட்டைச் சந்தேகிப்பார்கள், ஃபவுண்டேஷனைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

1. பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் ‘ஆயில்-ஃப்ரீ’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய் இல்லை என்பது சரிதான். ஆனால் எண்ணெய் போலவே வழவழப்புத் தந்து, தோல் துளையை அடைக்கக்கூடிய எஸ்டர்கள் உள்ளே இருக்கலாம். நான் முதலில் தேடுவது ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட், ஐசோபுரோப்பைல் பால்மிடேட் இரண்டையும். பொருட்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுதுவார்கள். இவை முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருந்தால் திருப்பி வைத்துவிடுவேன். கடைசியில் எங்கோ இருந்தால் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

டைமெதிகோன் மாதிரி சிலிக்கோன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை பொதுவாகத் துளையை அடைப்பதில்லை. கழுவும்போதுதான் கொஞ்சம் மல்லுக்கட்டும்.

2. கையில் ஒரு சோதனை

கடை டெஸ்டரை முகத்தில் போடாதீர்கள். புறங்கையில் ஒரு துளி தேய்த்து, ஐந்து நிமிடம் காய விட்டு, மேலே தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால், வெறும் ஃபேஸ்வாஷ் அதற்குப் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் லேசாகக் கரைந்து வந்தால் கழுவுவது சுலபம். தினமும் ஆபீஸுக்குப் போட இந்த இரண்டாவது வகையைத்தான் எடுப்பேன். ‘24 மணி நேரம்’ என்று எழுதிய பாட்டில் கல்யாண வீட்டுக்கு மட்டும்.

வாங்கியதும் முகம் முழுக்கப் பூசாமல், தாடையின் ஒரு பக்கம் மட்டும் சில வாரம் போட்டுப் பாருங்கள். அந்தச் சமயத்தில் வேறு புது கிரீம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். இல்லாவிட்டால் பரு எதனால் வந்தது என்று தெரியாது.

3. கலைப்பது: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

எனக்குப் பிடித்தது கிளென்சிங் ஆயில். ‘பரு முகத்துக்கு எண்ணெயா?’ என்று கேட்பீர்கள். இது முகத்தில் தங்கும் எண்ணெய் இல்லை. மேக்கப்பைக் கரைத்து, தண்ணீரோடு பாலாகி, வழிந்து போய்விடும். ஆனால் அந்தப் பாலாகும் கட்டத்தைச் செய்யாமல் விட்டால் பிசுக்கு அப்படியே நிற்கும்.

முகமும் கையும் காய்ந்திருக்க வேண்டும். முகத்தை நனைத்துவிட்டு ஆரம்பித்தால் எண்ணெய் மேக்கப்பைத் தொடும் முன்பே தண்ணீரோடு கலந்து வீணாகும். இரண்டு பம்ப் எடுத்து ஒரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். மூக்கின் ஓரம், புருவம், முடி ஆரம்பிக்கும் இடம், தாடைக்கு அடியில் எல்லாம் விரல் போக வேண்டும். இப்போது கையை மட்டும் நனைத்து மறுபடி தடவுங்கள். எண்ணெய் வெள்ளையாக, பால் போல மாறும். மாறாத இடம் இருந்தால் இன்னும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முழுக்க வெளுத்த பிறகுதான் கழுவ வேண்டும்.

அதற்கு மேல் மென்மையான ஃபேஸ்வாஷ், அரை நிமிடம். உங்கள் வீட்டில் உப்பான போர் தண்ணீர் என்றால் சோப்புக்கட்டி வேண்டாம். கடின நீரில் சோப்பு வெள்ளைப் படிவாகி முகத்திலேயே ஒட்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, ஈரப் பஞ்சால் தாடை ஓரத்தையும் நெற்றி முடியோரத்தையும் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் அங்கே விட்டிருக்கிறீர்கள். அதற்காகத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைக்காதீர்கள், எரிச்சல்பட்ட தோலில் பரு இன்னும் மோசமாகும். மேக்கப் வைப்ஸ் எனக்குப் பிடிக்காதது இதனால்தான், பாதி அழுக்கைத் துடைக்கும், மீதியைப் பரப்பும். மைசெல்லர் வாட்டர் பரவாயில்லை, ஆனால் ‘கழுவத் தேவையில்லை’ என்று எழுதியிருந்தாலும் கழுவிவிடுங்கள்.

பின்சேர்க்கை

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். மேக்கப்பை நன்றாகவே கரைக்கும். ஆனால் கிளென்சிங் ஆயிலில் இருக்கிற, தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள் அதில் கிடையாது. பாலாகாது, வெறும் தண்ணீருக்குப் போகாது, துளையை அடைக்கும் எண்ணெய்களில் அதுவும் ஒன்று. தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், இதெல்லாம் செய்தும் பரு போகவில்லை என்றார். பேசிப் பார்த்தால் ஸ்பாஞ்சைக் கழுவுவதே இல்லையாம். வாரம் ஒருமுறையாவது ஃபேஸ்வாஷ் போட்டுப் பிழிந்து, நிழலில் முழுக்கக் காய வையுங்கள். ஈரத்தோடு பைக்குள் போட வேண்டாம். நெற்றியில் ஒரே அளவாக, அரிப்போடு பொரிப்பொரியாக வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். ஃபவுண்டேஷனை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.