உதட்டில் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது

தங்கையின் வரவேற்புப் படத்தில் புடவை மெரூன், உதட்டுச்சாயமோ வெளிர் ரோஸ். "மெரூனா மாத்திக் கொடுண்ணா" என்றாள். போட்டோஷாப்பில் `Solid Color` லேயர் சேர்த்து, அடர் மெரூன் தேர்ந்தெடுத்தேன். `Ctrl+I` அழுத்தி மாஸ்க்கைக் கறுப்பாக்கி, வெள்ளை பிரஷ்ஷால் உதட்டை மட்டும் தீட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டியது போல வந்தது. உதட்டின் கோடுகள், பளபளப்பு எல்லாம் காணோம்.

காரணம், பிளெண்ட் மோடு `Normal`-இல் இருந்தது. `Soft Light`-க்கு மாற்றியதும் கோடுகள் திரும்பின. இந்த மோடில் அடியிலுள்ள தூய வெள்ளையும் தூய கறுப்பும் மாறாது. அதனால் கீழுதட்டின் பளபளப்பு தப்பியது. ஆனால் நிறம் மெரூனாகாமல் செங்கல் சிவப்பிலேயே நின்றது. `Ctrl+J` கொடுத்து லேயரை இரட்டித்து, மேலதன் ஒபாசிட்டியை 40% ஆக்கினேன். சரியாயிற்று.

அப்புறம் பார்த்தால் பல்லோரத்தில் சிவப்புக் கறை! இரண்டு மாஸ்க்கிலும் கறுப்பு பிரஷ்ஷால் அழித்து, ஓரம் மென்மையாக `Feather` 1.5 வைத்தேன். கண்ணிமையில் பழுப்பு நிறம் சேர்க்கவும் இதே வழிதான்; ஒரே லேயர், 30% ஒபாசிட்டி போதும்.

அடர் சாயத்தை வெளிராக்க இந்த வழி உதவாது. அதற்கு முதலில் `Curves` வைத்து உதட்டை வெளுக்க வேண்டும்.