"பார்க்கலாம்" என்று சொன்னதால் வந்த வினை

தாராவியில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். பொங்கல் விழாவுக்கு 10,000 ரூபாய் கேட்டு தெருச் சங்கத்தார் வந்தார்கள். "பார்க்கலாம் அண்ணா" என்றேன். மறுபடி வந்தபோது "அடுத்த வாரம்" என்றேன். அப்புறம் போனை எடுக்கவில்லை, கடைக்கே வந்துவிட்டார்கள். நோட்டீஸ் மாதிரியைப் பார்த்ததும்தான் புரிந்தது. நன்கொடையாளர் பட்டியலில் என் பெயர் ஏறியிருந்தது.

அது அச்சுக்குப் போகும் முன், அன்றிரவே பொருளாளர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். நாலு பேர் முன்னால் மறுத்தால் அவருக்குச் சங்கடம். "அண்ணா, கிரைண்டர் கடன் ஓடுகிறது, இந்த வருஷம் பணம் தர முடியாது. பெயரை எடுத்துவிடுங்கள். விழாவன்று காலையில் 10 கிலோ மாவு அனுப்புகிறேன்." "அடுத்த வருஷம் தருகிறேன்" என்று மட்டும் சொல்லவில்லை, அது பாக்கியாகிவிடும். அவர் பெயரை அடித்துவிட்டு டீ கொடுத்தார். விழாவில் பந்தி பரிமாற என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நிம்மதி.