ஆய்வுக் கட்டுரையின் ஆட்டம் காணும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அணைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை வைத்து

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் முதுகலை படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வாசிப்பது என் வழக்கம். முதல் கட்டுரையாக எப்போதும் ஒன்றைத்தான் எடுப்பேன்: பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோவும் ரோகிணி பாண்டேயும் 2007-இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் எழுதிய 'டேம்ஸ்'. இந்தியாவின் பெரிய பாசன அணைகளால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது அதன் கேள்வி. ஆளியாறு தண்ணீருக்கு மூலத்தறை தடுப்பணையைப் பார்த்துக் காத்திருக்கும் எங்கள் சித்தூர் வட்டத்துக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுரை எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் பக்கத்துச் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்திகள், முடிவுரை. முதலில் இவை போதும். நடுவில் வரும் சமன்பாடுகள் பக்கம் இப்போது போக வேண்டாம்.

பிள்ளைகள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இந்தக் கட்டுரை அணைகளின் விளைவுகளை ஆராய்கிறது." இது தலைப்பு. ஒருவர் "இல்லை, அது தப்பு" என்று மறுத்துப் பேச இடம் இருந்தால்தான் அது கருத்து. அடுத்த முயற்சி: "அணைக்குக் கீழே உள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடுகிறது." இதை மறுக்கலாம், சரிதான். ஆனால் பாதிதான் வந்திருக்கிறது.

முழுசாக எழுதினால் இப்படி வரும்: அணையால் அதற்குக் கீழே உள்ள மாவட்டத்தில் விளைச்சல் கூடுகிறது, வறுமை குறைகிறது, அணை கட்டப்பட்ட மாவட்டத்திலோ விளைச்சலில் உறுதியாகச் சொல்லும்படி உயர்வு இல்லை, வறுமை கூடுகிறது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாட்டில் வறுமை அதிகரித்திருக்கிறது. 'அணையால்' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். அணை இருக்கும் இடத்தில் வறுமை இருக்கிறது என்பது வேறு, அணையால் வறுமை வந்தது என்பது வேறு. கட்டுரை சொல்வது இரண்டாவதை.

படி 2: 'ஆல்' என்று சொல்ல இவர்களுக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

அணை உள்ள மாவட்டத்தையும் இல்லாத மாவட்டத்தையும் நேராக ஒப்பிட முடியாது. ஏற்கெனவே விவசாயம் செழித்த பகுதிக்கோ, அரசியல் செல்வாக்குள்ள பகுதிக்கோ அரசு அணை கொடுத்திருக்கலாம். அப்படியானால் நாம் பார்க்கும் வித்தியாசம் அணையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரிக்க வழியில்லை.

ஆசிரியர்கள் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். பாசன அணைக்கு ஆறு ஓரளவு சரிவாக ஓட வேண்டும். மிகச் சமதளமாக இருந்தால் தண்ணீரைத் தேக்குவதும் வாய்க்காலில் விடுவதும் கஷ்டம். மிகச் செங்குத்தாக இருந்தால் மின்சாரத்துக்கு ஏற்ற இடம். ஆற்றின் சரிவை எந்த அரசியல்வாதியும் தீர்மானிப்பதில்லை. அதனால் சரிவை வைத்து எந்த மாவட்டத்துக்கு அணை கிடைத்திருக்கும் என்று கணித்து, அந்தக் கணிப்பைக் கொண்டு விளைவை அளக்கிறார்கள். சரிவு மட்டும் போதாது, அது வருடத்துக்கு வருடம் மாறாதே! எனவே அந்தந்த மாநிலத்தில் காலப்போக்கில் எத்தனை அணைகள் வந்திருக்கும் என்ற கணக்கோடு அதைப் பெருக்குகிறார்கள்.

இப்போது அனுமானங்களைத் தேடலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் "இது வேலை செய்ய வேறு எது உண்மையாக இருந்தாக வேண்டும்?" என்று கேளுங்கள். எனக்கு மூன்று கிடைக்கின்றன.

அ. அணைகள் அதிகம் கட்டிய மாநிலங்களில், சரிவான மாவட்டங்களும் சரிவில்லாத மாவட்டங்களும் வேறுபட்டுப் போனதற்கு அணை தவிர வேறு காரணம் இல்லை.

ஆ. அணையின் தண்ணீர் ஆற்றோட்டத்தில் கீழே உள்ள மாவட்டத்துக்குத்தான் போகிறது.

இ. மாவட்டத்தின் வறுமை விகிதம் மாறினால், அங்கே இருந்த மக்களின் நிலை மாறியதாக அர்த்தம்; ஆட்கள் இடம் மாறியதால் வந்த மாற்றம் அல்ல.

படி 3: உடைத்துப் பாருங்கள்

ஒரு தடவை ஒரு மாணவி உடனே கேட்டாள்: "சார், பரம்பிக்குளம் அணை நம்ம ஜில்லாவுல இருக்கு. தண்ணி பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும்ல போகுது. அப்போ 'ஆ' தப்பு. கட்டுரையே தப்புதானே?"

அருமையான கேள்வி. பரம்பிக்குளம் ஆறு இயற்கையாகச் சாலக்குடி ஆற்றில் சேர்கிறது. ஆற்றோட்டத்தைப் பின்தொடர்ந்தால் கீழே திருச்சூர் மாவட்டம் வரும். ஆனால் தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திருப்புகிறார்கள். முல்லைப் பெரியாறும் இதே கதைதான்: அணை இடுக்கியில், தண்ணீர் தேனிக்கு. எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே கண்ணில் படும்.

அதற்காகக் கட்டுரையைத் தூக்கிப் போட முடியாது. முதலில் தரவுப் பகுதியைப் பாருங்கள். விளைச்சல் கணக்கு 13 மாநிலங்களின் 271 மாவட்டங்களுக்கு மட்டும். கேரளம் அதில் இல்லை. அப்புறம், பிழை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் பெற்ற கோவை, 'பலன் பெறாத மாவட்டம்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். பெறாத திருச்சூர், 'கீழ் மாவட்டம்' என்று பதிவாகும். இரண்டும் சேர்ந்து கீழ் மாவட்டத்தின் லாபத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, இல்லாத லாபத்தை உண்டாக்காது. அணை இருக்கும் மாவட்டம் நஷ்டப்படுகிறது என்ற பாதியை இது அசைப்பதில்லை. ஆக, 'ஆ' சில இடங்களில் நிச்சயம் பொய். ஆனாலும் கட்டுரையின் பலவீனமான இடம் அது இல்லை.

இங்கேதான் புதிதாக வாசிப்பவர்கள் சறுக்குகிறார்கள். தங்கள் ஊர் உதாரணத்தால் உடைகிற அனுமானத்தையே பெரிய ஓட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். எந்த அனுமானம் பொய்த்தால் மையக் கருத்தே விழுமோ, கட்டுரைக்குள் எதற்கு நேரடிச் சான்று காட்டுவது கடினமோ, அது இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள்.

'இ'யை இப்படிச் சோதிக்கலாம்: ஓரளவு வசதியானவர்கள் அணை மாவட்டத்தை விட்டுக் கீழே குடிபோனால், யாரும் ஏழையாகாமலேயே ஒரு பக்கம் விகிதம் ஏறும், மறுபக்கம் இறங்கும். கட்டுரையில் இடம்பெயர்வு பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதை ஓரளவு சரிபார்க்க முடியும்.

என் தீர்ப்பு 'அ'. அணைகள் அதிகம் கட்டிய அரசு, அதே வருடங்களில் பாசனத்துக்கு ஏற்ற சரிவுள்ள மாவட்டங்களுக்கு மின் இணைப்பு, உரம், கூட்டுறவுக் கடன் என்று மற்றதையும் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அந்தப் பலனும் அணையின் கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது 'அணையால்' என்ற சொல்லே நிற்காது. வேறு எதுவும் இல்லை என்பதை முழுவதுமாக நிரூபிக்க யாராலும் முடியாது. நம்பும்படியான சந்தேகங்களை ஒவ்வொன்றாகத்தான் விலக்கிக் காட்ட முடியும்.

படி 4: குறிப்பு எழுதுங்கள்

"காரணத்தை நிறுவவில்லை" என்று எழுதினால் அது எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், அதற்கு மதிப்பில்லை. எது நடந்திருந்தால் கருத்து விழும், அதை எந்த அட்டவணை தீர்க்கும் என்று எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கு என் குறிப்பு இது:

"மையக் கருத்து: அணையின் லாபம் கீழ் மாவட்டத்துக்கு, சுமை அணை இருக்கும் மாவட்டத்துக்கு. பலவீனமான அனுமானம்: அணை அதிகம் கட்டிய மாநிலங்களில் ஆற்றின் சரிவு அணை வழியாக மட்டுமே விளைச்சலையும் வறுமையையும் தொட்டது. தேவைப்படும் சோதனை: கணித்த அணை எண்ணிக்கை அதே ஆண்டுகளில் மாவட்டத்தின் மின் இணைப்பையும் கடனையும் சேர்த்தே கணிக்கிறதா? கணித்தால் சந்தேகம் வலுக்கும். கணிக்காவிட்டால் இந்த ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன்."