போனில் ஸ்கேன் செய்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, பிடிஎஃப் சைஸ் குறையவே மாட்டேங்குது." கேலரியில் இருந்த போட்டோவை அப்படியே பிடிஎஃப் ஆக்கியிருக்கிறான். நான் செய்த அதே கூத்து.

முதலில் பிடிஎஃப், அப்புறம் சுருக்கல்

வீட்டுக் கடனுக்காக அத்தையிடம் மூலப்பத்திரம் வாங்கி, 18 பக்கத்தையும் சாதாரண கேமராவில் எடுத்தேன். பக்கத்துக்கு மூன்றரை எம்.பி., மொத்தம் 63. வங்கி கேட்டதோ 5 எம்.பி.க்குள். சுருக்கித் தரும் தளம் ஒன்றில் போட்டேன், 4.6 ஆனது. திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். சர்வே எண்ணில் இருப்பது 3ஆ 8ஆ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் பத்திரம் அத்தையோடு ஊருக்குப் போயிருந்தது. போட்டோக்களையும் அழித்திருந்தேன். ஒரு நாள் லீவு, ஒரு பஸ் பயணம். இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

தப்பு வரிசையில்தான். 12 மெகாபிக்சல் போட்டோவில் எழுத்தைவிட தாளின் சொரசொரப்பும் நிழலும்தான் அதிக இடம் பிடிக்கின்றன. பக்கத்துக்குச் சுமார் 250 கே.பி.க்குள் அத்தனையையும் அமுக்கினால், படத்தைச் சுருக்கும் ஜேபெக் முறை எழுத்தின் ஓரங்களைத்தான் கலைக்கும். ஏ4 பக்கத்தைப் படிக்க அங்குலத்துக்கு 200 பிக்சல், 200 டிபிஐ என்பார்கள், போதும். அதாவது 1654 × 2339 பிக்சல், நாலு மெகாபிக்சல்கூட இல்லை. அதே 250 கே.பி. மூன்றில் ஒரு பங்கு பிக்சலுக்குத் தாராளமாகப் பங்கு போகும்.

ஆகவே முதலில் ஓரம் வெட்டுங்கள். அடுத்து ஸ்கேன் செயலியின் ஃபில்டரால் பின்னணியை வெள்ளையாக்குங்கள். பிறகு பிக்சலைக் குறையுங்கள். பிடிஎஃப் கடைசியில்தான். கூகுள் டிரைவிலும் ஐபோன் நோட்ஸிலும் உள்ள ஸ்கேன் வசதி முதல் இரண்டையும் தானே செய்துவிடும்.

முடிந்ததும் பெரிதாக்கி, இருப்பதிலேயே பொடி எழுத்துள்ள வரியில் புள்ளிகளைப் பாருங்கள். 'பட்டா' 'படடா' ஆகியிருந்தால் அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

எல்லாவற்றுக்கும் கறுப்பு வெள்ளை

அச்சடித்த தாளுக்கு அருமை. வெளிறிய ஊதா முத்திரையும் நீல மையில் போட்ட கையெழுத்தும் இருந்தால் பாதி மறைந்துவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் கலரில் வையுங்கள்.

சாய்த்து எடுப்பது

செயலி நிமிர்த்தித் தரும், உண்மைதான். ஆனால் தூரத்து ஓரத்தை இழுத்து நீட்டித்தான் நிமிர்த்துகிறது. அந்த வரிகள் மங்கிப்போகும். நேர் மேலிருந்து எடுங்கள்.

லேமினேஷன் மேல் ஃபிளாஷ்

வேண்டாம்.

வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்புவது

அதுவே ஒருமுறை சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாங்கியவர் சரி என்று சொல்லும் வரை கேலரியில் எதையும் அழிக்காதீர்கள்.