கோப்பையின் பிடியில் விழுந்த ஓட்டை

நான் பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்த கோப்பை அங்கே முழுசாகத்தான் தெரிந்தது. கேம் எஞ்சினுக்குள் கொண்டுபோனதும் பிடியில் இரண்டு முகங்களைக் காணோம். மூலைப்புள்ளிகளான வெர்டெக்ஸ், அவற்றை இணைக்கும் எட்ஜ் எல்லாம் சரியாகவே இருந்தன. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் நார்மல்தான் உள்பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு முகத்தின் வெர்டெக்ஸ்கள் எந்த வரிசையில் சுற்றுகின்றன என்பதை வைத்தே அதன் முன்பக்கம் தீர்மானமாகிறது. வரிசை தலைகீழானால் நார்மலும் திரும்பிவிடும். கேம் எஞ்சின்கள் பெரும்பாலும் பின்பக்கத்தை வரைவதில்லை. அதனால்தான் அந்த ஓட்டை.

Viewport Overlays-இல் Face Orientation-ஐப் போட்டேன். அந்த இரண்டு மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Shift+N` அழுத்தியதும் நார்மல்கள் வெளிப்பக்கம் திரும்பி எல்லாம் சரியாகிவிட்டது. துணி மாதிரி மூடாத பரப்பில் இது தவறாக ஊகிக்கலாம்; அப்போது `Alt+N`, பிறகு Flip.

அப்புறமும் பிடி வளையும் இடத்தில் ஒரு குவாடில், அதாவது நான்கு மூலையுள்ள முகத்தில், கோணலாக ஒரு மடிப்பு தெரிந்தது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும்; நான்காவது விலகலாம். அப்படி முறுக்கிய குவாடை எஞ்சின் ஏதோ ஒரு மூலைவிட்டத்தில் இரண்டு முக்கோணமாக வெட்டிக்கொள்கிறது. எதிரெதிர் வெர்டெக்ஸ் இரண்டைத் தேர்ந்தெடுத்து, வளைவோடு போகும் மூலைவிட்டத்தை `J` அழுத்தி நானே போட்டேன், மடிப்பு போய்விட்டது.